காயில் வாங்கப் படகு ஏறும் முன்

போன மழைக்காலத்தில் ஹேவ்லாக் விஜய் நகரில், ஒரு விடுதியின் பின்கட்டில் சமைக்கும் அண்ணன் ஒருவர் தன் காயில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2000 வாட் அடுப்பு. பத்து நாளாக அங்கங்கே மட்டும் சிவந்துகொண்டிருந்ததாம், அன்று காலை ஒரேயடியாக அணைந்துவிட்டது. "காயில் போச்சுப்பா, போர்ட் பிளேர்ல இருந்து வர்ற பையன்கிட்ட ஒண்ணு சொல்லிவிடணும்" என்றார்.

சொல்லிவிட்டால் அபர்டீன் பஜாரிலிருந்து வாங்கி வரத்தான் செய்வார்கள். கடல் மோசமாக இருந்தால் படகு நின்றுபோகும், வருகிற காயிலும் வாட் மாறி வரலாம். இதையெல்லாம் பட்டும் ஒருவேளை கோளாறு காயிலிலேயே இல்லையென்றால்? இந்தத் தீவில் நான் திறந்து பார்த்த அடுப்புகளில் காயில் அறுந்தவற்றைவிட டெர்மினல் கருகியவைதான் அதிகம். உப்புக் காற்றில் பித்தளை திருகு பச்சை பூத்துவிடுகிறது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நியூட்ரல் பக்க டெர்மினல் கருகி விட்டுப்போயிருந்தால் காயிலில் மின்னோட்டம் ஓடாது, அதனால் அது சிவக்காது. ஆனால் ஃபேஸ் காயில் முழுக்க நிற்கும். டெஸ்டரை எங்கே வைத்தாலும் எரியும். ‘கரண்ட் வருது, காயில்தான் கெட்டிருக்கு’ என்று நினைத்து ஈரக் கையோடு காயிலைச் சரிசெய்யப் போகிறவர்கள் அடிபடுவது இப்படித்தான். சூடு வராத அடுப்பு செத்த அடுப்பு என்று நம்பக் கூடாது.

அடுப்பு நன்றாக ஆறட்டும். மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, அடுப்பின் சுவிட்சைப் போட்டு, பிளக்கின் இரண்டு சிறிய பின்களிலும் தொடுங்கள். பெரிய பின் எர்த், அதை விட்டுவிடுங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் அடுப்பென்றால் ஏறக்குறைய 26 ஓம் காட்ட வேண்டும், 1000 வாட் என்றால் 53. ஆறிய காயிலில் சற்றுக் குறைவாக இருப்பது சகஜம். அண்ணனின் அடுப்பில் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. சுற்று எங்கோ அறுந்திருக்கிறது, ஆனால் எங்கே என்று இந்தச் சோதனை சொல்லாது.

அடுத்து அடியிலுள்ள தகட்டைக் கழற்றி, காயிலின் இரண்டு வால்களையும் பாருங்கள். மீட்டர் முனையைத் திருகின் தலையில் வைக்காமல் காயில் கம்பியிலேயே வைக்க வேண்டும். அதற்கு முன் பிளேடால் கம்பியை ஓரிடத்தில் பளபளக்கும்வரை சுரண்டுங்கள். பலர் தவறுகிற இடம் இது. சிவந்து ஆறிய நிக்ரோம் கம்பியின் மேல் ஒரு கருந்தோல் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. சுரண்டாமல் தொட்டால் நல்ல காயிலையும் மீட்டர் அறுந்தது என்றே சொல்லும்.

வால் முதல் வால்வரை 26 ஓம் பக்கம் வந்தால் காயில் முழுசாக இருக்கிறது. கோளாறு டெர்மினல், வயர், சுவிட்ச் இவற்றில் ஒன்றில். வராவிட்டால்தான் காயில் அறுந்திருக்கிறது. அண்ணனின் காயில் 25 காட்டியது. ஒரு பக்கத் திருகைப் பார்த்தால் வாஷர் கறுத்து, அதோடு சேர்ந்த வயரின் தோல் முறுக்கு மாதிரி நொறுங்கிக் கிடந்தது. தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது.

இவ்வளவு சூடு ஒரு திருகில் எப்படி வருகிறது? அந்த அடுப்பு கிட்டத்தட்ட எட்டரை ஆம்பியர் இழுக்கிறது. பூசணமும் தளர்ச்சியும் சேர்ந்து டெர்மினலில் வெறும் 1 ஓம் தடை உண்டானால்கூட, 70 வாட் சூடு அந்தப் பட்டாணி அளவு இடத்திலேயே இறங்கும். மூன்று சின்ன சால்டரிங் அயனை அங்கே சொருகியதற்குச் சமம். சூட்டில் திருகு இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். சிறு சடசடப்பு, அணைந்து அணைந்து எரிவது, அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை எல்லாம் இதற்கு முன்னறிவிப்பு.

சரிசெய்வது அரை மணி நேர வேலை. கருகிய வயரை, உள்ளே செம்பு சிவப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டி எறியுங்கள். பழைய போல்ட், நட், வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ புதிதாகப் போடுங்கள். காயில் வாலை உப்புத்தாளால் தேய்த்து, மடித்துத் தன்மேலேயே நாலைந்து முறுக்கு முறுக்கினால் அந்த இடம் தடித்து, டெர்மினலருகே சூடு குறையும். வாலை இரண்டு வாஷர்களுக்கு நடுவே வைத்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். வயர் முனைக்கு அழுத்திப் பொருத்தும் வளைய லக் போதும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டில் உருகிவிடும். அடுப்புக்குள் சாதாரண பிவிசி வயர் ஆகாது. கண்ணாடி இழை உறை போட்ட வயர் வேண்டும், இல்லையென்றால் பீங்கான் மணிகளைக் கோத்துவிடலாம்.

அறுந்தது காயில்தான் என்றால், இரு முனைகளையும் கொக்கி போட்டு மாட்டி ஓட்டுகிறார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு ஆகும். அந்த முடிச்சு தனியாகச் சிவந்து சில நாளில் மறுபடி அறும். அறுந்த முனை அடுப்பின் உலோக உடம்பில் பட்டால் அடுப்பெல்லாம் கரண்ட். புதுக் காயில்தான் வழி.

இனி அந்தத் திட்டுத்திட்டான சிவப்பு. டெர்மினலைச் சரிசெய்து போட்டபோது அடுப்பு எரிந்தது, ஆனால் நடுவில் ஒரு விரல் நீளம் ஆரஞ்சாகவும் மற்ற இடம் மங்கலாகவும்தான் இருந்தது. இது வேறு நோய். காயிலில் ஓடும் மின்னோட்டம் எங்கும் ஒன்றுதான். சுற்றுகள் நெருங்கிய இடம் அதிகம் சிவக்கும், இழுபட்ட இடம் மங்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, அடுத்த பள்ளத்துக் காயிலைத் தொட்டாலோ அந்தத் துண்டு கறுத்துவிடும், மிச்சம் முன்னைவிட அதிகம் எரியும். ஓர் ஊசிமுனை இடம் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தால் அங்கே கம்பி மெலிந்திருக்கிறது, அறுவதற்கு நாள் பார்க்கிறது என்று அர்த்தம். முழுக் காயிலும் ஒரே சீராக மங்கினால் காயிலைக் குறை சொல்லாதீர்கள், வோல்டேஜைப் பாருங்கள்: 180க்கு இறங்கினால் 2000 வாட் அடுப்பு 1200 வாட்தான் தரும்.

பழைய காயிலை இழுத்துச் சமப்படுத்த முயல வேண்டாம். பல மாதம் சிவந்த கம்பி காய்ந்த ஈர்க்குச்சி போல, இழுத்தால் ஒடியும். அண்ணன் படகுக்குச் சொல்லிவிட்டார், இந்த முறை காரணத்தோடு. புதுக் காயில் வந்ததும் தட்டின் பள்ளத்தில் ஒரு நூலை ஓட்டி நீளம் அளந்தோம். காயிலின் நடுவில் மார்க்கர் புள்ளி வைத்து, இரு முனையையும் பிடித்து நூலின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரே இழுப்பில் சீராக இழுத்தோம். நடுப்புள்ளி பள்ளத்தின் பாதியில் உட்கார்ந்தால் இழுப்பு சமம். கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் பிரித்து மாட்டினால் திட்டுகள் மறுபடி வரும்.

மாட்டி முடித்ததும், பிளக்கின் சிறிய பின் ஒவ்வொன்றுக்கும் அடுப்பின் உடம்புக்கும் நடுவே மீட்டரை மிக உயர்ந்த ஓமில் வைத்துப் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. ரசம் வழிந்து ஊறிய மண் தட்டு ஏதாவது காட்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி அளந்த பிறகே கரண்ட் கொடுங்கள்.

பத்து நிமிடம் எரியவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, பின்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சுட்டது. சுவரிலிருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குள்ளும் அதே பச்சைப் பூசணம். அண்ணன் மெயினை இறக்கப் போனார்.