ஐந்து நாள் குறைந்த ஓராண்டு

நர்சிங் பட்டப்படிப்பை முடித்து, கவுன்சிலில் பதிவு பெற்று, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் உத்தியோகத்தில் அமர்ந்த நாள் 2018 ஆகஸ்ட் 6. மறு வருஷம் ஜூன் மாத இறுதியில் எம்.எஸ்ஸி. நர்சிங் படிப்புக்குச் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும், அந்தச் சந்தோஷத்திலேயே ராஜினாமாக் கடிதத்தையும் எழுதிவிட்டேன். ஜூலை 31-ஆம் தேதியோடு என்னை விடுவிக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தேன். மாதக் கடைசியில் நின்றுகொண்டால் சம்பளக் கணக்குச் சுலபமாக முடியும் என்பதைத் தவிர அந்தத் தேதிக்கு வேறு நியாயம் கிடையாது.

கடிதத்தைப் படித்த எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், "நீ வேலையில் சேர்ந்தது என்றைக்கம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பட்டப்படிப்புக்குப் பின் ஓராண்டு பணியனுபவம் உள்ளவர்களுக்கே எம்.எஸ்ஸி.யில் இடம் உண்டு என்பதும், ஆகஸ்ட் இறுதியில் வகுப்பு தொடங்கும்போது அதற்கான சான்றிதழை நான் கல்லூரியில் காட்டியாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. ஆயினும், ஆகஸ்ட் 5-ஆம் தேதி மாலைதான் என் ஓராண்டு பூர்த்தியாகிறது என்பதை நான் விரல்விட்டு எண்ணிப் பார்க்கவில்லை. அனுபவச் சான்றிதழில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்றுதான் எழுதுவார்கள். நான் கேட்டபடியே விடுவித்திருந்தால், ஐந்து நாள் குறைந்த ஓர் ஆண்டோடு கல்லூரி வாசலில் நின்றிருப்பேன்.

ஆகவே, கடிதத்தை எழுத உட்காருமுன் நியமன உத்தரவை எடுத்து, சேர்ந்த தேதி, எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், கடிதம் யாருக்கு எழுதப்பட வேண்டும் என்ற மூன்றையும் பார்த்துக்கொள்வதே முதல் காரியம் என்பேன். எனக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு விதித்திருந்தார்கள். ஜூலை 6-ஆம் தேதி கடிதம் கொடுத்து, மறுநாளிலிருந்து எண்ணினால், முப்பதாம் நாள் சரியாக ஆகஸ்ட் 5-இல் வந்து முடிந்தது. மிச்சமிருந்த விடுப்பை முன்னறிவிப்பு நாட்களில் கழிக்கும்படி கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்த நாட்களைப் பணிக்காலமாகக் கணக்கிடுவார்களா என்ற சந்தேகம் எழவே, கடைசி நாள்வரை வேலை பார்ப்பதே க்ஷேமம் என்று தீர்மானித்தேன்.

என் முதல் நகலில் வேறொரு பிழையும் இருந்தது. வென்டிலேட்டரில் இருக்கும் மூன்று நோயாளிகளை ஒரே நர்ஸ் இரவு முழுவதும் கவனிக்க வேண்டியிருந்த கஷ்டத்தை அரைப் பக்கத்துக்கு விஸ்தரித்திருந்தேன். "இது உண்மையான குறைதான், தனியாக எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன்; ஆனால் இந்தக் கடிதத்தில் வேண்டாம்" என்றார் சிஸ்டர். ராஜினாமாக் கடிதம் நம் பணிக் கோப்பிலேயே தங்கிவிடுவது. அனுபவச் சான்றிதழ் தயாரிப்பவர் அந்தக் கோப்பைப் புரட்டித்தான் எழுதுகிறார். குறையைத் தனி மனுவாக எழுதினோம். ராஜினாமாவில் காரணம் ஒரு வரியோடு நின்றது.

முடிவில் எங்கள் வழக்கப்படி ஆங்கிலத்தில் கொடுத்த கடிதத்தின் சாரம், நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு, வார்டு இன்சார்ஜ் வழியாக, இவ்வளவுதான்:

"எம்.எஸ்ஸி. நர்சிங் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருப்பதால், 6.8.2018 முதல் வகித்துவரும் ஸ்டாஃப் நர்ஸ் பதவியை ராஜினாமா செய்கிறேன். 5.8.2019 பணிநேர முடிவில் என்னை விடுவித்து, விடுவிப்பு உத்தரவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியதைக் குறிப்பிடும் அனுபவச் சான்றிதழும், என் அசல் சான்றிதழ்களும் வழங்கக் கோருகிறேன். அதற்குள் என் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுகிறேன்."

பணிநேர முடிவில் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 5-ஆம் தேதி இரவு டியூட்டி விழுந்தால் அது மறுநாள் காலையில்தான் முடியும். எந்தத் தேதியில் விடுவித்தார்கள் என்ற தகராறு அங்கேதான் பிறக்கும். கடைசி வாரத்துக்குப் பகல் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வருவது போதாது. என் தோழி ஒருத்தி அப்படிச் செய்து, பத்து நாள் கழித்து விசாரித்தபோது, கடிதமே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். முன்னறிவிப்பை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. நான் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்ற தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

கடைசி நாளன்று, போதை மருந்துப் பதிவேட்டின் இருப்பையும் அலமாரியில் இருந்த ஆம்பியூல்களையும் அடுத்த ஷிப்ட் சிஸ்டரோடு எண்ணிச் சரிபார்த்து, இருவரும் கையெழுத்திட்ட பிறகே சாவியைக் கொடுத்தேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று இரண்டு தேதிகளையும் படித்துப் பார்த்தேன். 2018 என்றிருக்க வேண்டிய இடத்தில் 2019 என்று தட்டச்சாகியிருந்தது. அரைமணி நேரம் காத்திருந்து, திருத்திய பிரதியை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினேன்.