வெள்ள நேரத்தில் விளம்பரம்

கேள்வி: வேளச்சேரியில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். புயல் வந்தால் ஆண்டு இறுதித் தள்ளுபடி விளம்பரத்தை எப்போது நிறுத்தி, எப்போது மீண்டும் தொடங்கலாம்?

பதில்: சிவப்பு எச்சரிக்கை வந்ததுமே நிறுத்துங்கள். முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த எஸ்எம்எஸ்களைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, மின்சாரமும் இல்லை. போனில் மிச்சமிருக்கும் சார்ஜைக் காத்துக்கொண்டு படகுக்காகக் காத்திருப்பவருக்கு "இன்றே கடைசி" என்று செய்தி போனால், அவர் உங்கள் கடையை மன்னிக்க மாட்டார். எனவே எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், கட்டண விளம்பரம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து நிறுத்துங்கள். சலுகையின் கடைசித் தேதியையும் தள்ளிவையுங்கள்.

மீண்டும் தொடங்குவதற்கு மழை நின்றது கணக்கல்ல. மின்சாரம் திரும்பி, உங்கள் டெலிவரி வண்டி தெருவுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். அப்போதும் முதல் செய்தி தள்ளுபடியைப் பற்றி வேண்டாம்: "நனைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு மின் இணைப்புக் கொடுக்காதீர்கள், எங்கள் மெக்கானிக் வந்து பார்ப்பார்" என்று அனுப்புங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் உண்டென்றால் அதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். "வெள்ளச் சலுகை" என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.