பிள்ளையின் படிப்புக்கு ஒரு சிறிய சோலார் தொகுதி

நீர் இறைக்கும் இயந்திரம் வாங்க எண்ணும் தோட்டக்காரர் எவரும் எடுத்த எடுப்பில் கடைக்குப் போவதில்லை. எத்தனை பரப்புக்கு இறைக்க வேண்டும், கிணறு எவ்வளவு ஆழம், கோடையில் எவ்வளவு ஊறும் என்பவற்றை மனதில் கணக்குப் போட்ட பின்னரே போகிறார். ஆனால் பிள்ளையின் படிப்புக்காகச் சோலார் தொகுதி வாங்கும்போது நம்மில் பலர் இந்த ஒழுங்கை மறந்து, கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டியில் இருந்தே தொடங்கிவிடுகிறோம்.

நாம் அறிந்த ஒரு குடும்பம் தறப்பாள் கொட்டிலில் இருக்கிறது. மின் இணைப்பு இல்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள். உறவினர் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்றும் ஒரு கைத்தொலைபேசியும் அவளிடம் உண்டு. தகப்பனார் பட்டணத்தில் ஒரு கடையில், முதுகில் சிறிய சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க் ஒன்றை வாங்கி வந்தார். அதில் 20,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தது. ஒரு நாள் முழுவதும் வெயிலில் வைத்தும் தொலைபேசிக்குக் கொஞ்சம்தான் ஏறியது. மடிக்கணினிக்கு எதுவுமே ஏறவில்லை. பொருள் பழுது என்று எண்ணினார்கள். உண்மையில் அது பழுதல்ல. அந்த வேலைக்கு ஏற்ற பொருள் அதுவல்ல, அவ்வளவுதான். ஏன் என்பதைப் பார்த்தால், எதை வாங்கலாம் என்பதும் விளங்கிவிடும்.

நாளொன்றுக்கு எவ்வளவு தேவை?

மின்சாரத்தை அளக்க நமக்கு ஓர் அளவு வேண்டும். அதன் பெயர் வாற்மணி. 10 வாற் எடுக்கும் ஒரு பொருள் ஒரு மணித்தியாலம் இயங்கினால் 10 வாற்மணி செலவாகும். மடிக்கணினியின் பற்றரியில் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். 'டபிள்யூ எச்' என்னும் ஆங்கில எழுத்துகளின் முன்னால் ஓர் இலக்கம் இருக்கும். அதுவே அந்தப் பற்றரி கொள்ளும் வாற்மணி.

இந்த மகளின் மடிக்கணினியில் அது 42. முழுதாக ஏற்றினால் ஏறத்தாழ 3 மணித்தியாலம் வேலை செய்கிறது. இரவில் அவள் படிப்பதும் அவ்வளவு நேரம்தான். ஆகவே மடிக்கணினிக்கு நாளுக்கு 42 வாற்மணி. கைத்தொலைபேசியை ஒருமுறை முழுதாக ஏற்ற ஏறத்தாழ 20 வாற்மணி வேண்டும். இரண்டும் சேர்ந்து 62. வாய்க்காலில் ஓடும் நீரில் ஒரு பங்கு நிலத்தில் ஊறிப் போவது போல, ஏற்றும்போதும் மாற்றும்போதும் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். அதற்காக மூன்றிலொரு பங்கைக் கூட்டிக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 வாற்மணி.

இப்போது அந்தப் பவர் பேங்கைப் பார்ப்போம். அதன் உள்ளிருக்கும் கலங்கள் 3.7 வோல்ற் கொண்டவை. 20,000 மில்லி அம்பியர் மணி என்பது 20 அம்பியர் மணி. 20ஐ 3.7ஆல் பெருக்கினால் 74 வாற்மணி. எழுதியிருப்பது உண்மையானால் கொள்ளளவு மோசமில்லை. ஆனால் முதுகில் இருக்கும் உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலிலும் ஒன்றரை வாற் அளவே தரும். அதை நிரப்ப 50 மணித்தியால நல்ல வெயில் வேண்டும். நாளுக்கு 5 மணித்தியாலம் என்றாலும் 10 நாட்கள். பெரிய தொட்டிக்குச் சிறு ஊற்று.

மடிக்கணினிக்கு எந்த வழியால் ஏற்றுவது?

மடிக்கணினிக்கு எதுவுமே ஏறாமல் போனதற்குக் காரணம் வேறு. ஆழக் கிணற்றில் இருந்து நீரை மேலே கொண்டுவர இயந்திரத்துக்குத் தூக்கும் வலு வேண்டும். மின்சாரத்தில் அந்த வலுவை வோல்ற் என்கிறோம். தொலைபேசிக்கு 5 வோல்ற் போதும். இந்த மடிக்கணினியின் சார்ஜரிலோ 19.5 வோல்ற் என்று எழுதியிருக்கிறது. 5 வோல்ற் துளையில் எத்தனை மணித்தியாலம் மாட்டி வைத்தாலும் அது ஏறாது.

உங்கள் மடிக்கணினி புதியதாயின், தொலைபேசியில் உள்ளது போன்ற சி வகைத் துளையால் மின்னேற்றக்கூடும். ஆனால் துளையின் வடிவத்தை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். சில மடிக்கணினிகளில் அதே துளை தகவல் பரிமாற்றத்துக்கு மட்டுமே. கூட வந்த சார்ஜரின் முனையே சி வகையாக இருந்தால் ஐயமில்லை. அப்படியானால் 20 வோல்ற் வரை கொடுக்கக்கூடிய சி வகைத் துளையுள்ள பெட்டி அல்லது பவர் பேங்க் வேண்டும்.

பழையதாகி, சார்ஜரின் முனை உருண்டையாக இருந்தால், 12 வோல்ற் பற்றரியில் இருந்து 19.5 வோல்ற்றுக்கு உயர்த்தும் கார் சார்ஜர் வாங்கலாம். நம் மகளுக்கு ஏற்றது இதுவே. வாங்கும்போது மடிக்கணினியைக் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே மாட்டி, திரையில் மின்னேறும் அடையாளம் வருகிறதா என்று பாருங்கள். சில மடிக்கணினிகள் பிற சார்ஜரை ஏற்பதில்லை.

மூன்றாவது வழி இன்வேட்டர். அது 12 வோல்ற்றை வீட்டு மின்சாரமான 230 வோல்ற்றுக்கு உயர்த்துகிறது. பின்னர் சார்ஜர் அதைத் திரும்பவும் 19.5க்கு இறக்குகிறது. இரண்டு முறை மாற்றுவதால் இழப்பும் அதிகம். சும்மா இயங்குவதற்கே இன்வேட்டர் 5 முதல் 10 வாற் வரை தின்னும். மூன்று மணித்தியாலத்தில் அது மட்டும் 15 முதல் 30 வாற்மணி. வேறு வழி இல்லாதபோது மட்டுமே இதை எடுக்கலாம்.

பற்றரி

வெயில் இல்லாத ஒரு நாளையும் தாங்குவதானால் இரண்டு நாள் தேவையைச் சேமிக்க வேண்டும். அது 160 வாற்மணி. லிதியம் அயன் பொஸ்பேற் என்னும் வகைப் பற்றரி 12.8 வோல்ற், 12 அம்பியர் மணி அளவில் கிடைக்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 154 வாற்மணி. சற்றுக் குறைவுதான், ஆனால் போதும். எடை ஒன்றரைக் கிலோ அளவு.

ஈயப் பற்றரி விலை குறைவு. ஆனால் அதைப் பாதிக்குமேல் இறக்கினால் விரைவில் கெட்டுவிடும். ஆகவே அதே பயனுக்கு இரு மடங்கு கொள்ளளவு வாங்க வேண்டும். எடை 7, 8 கிலோவாகிவிடும். மீண்டும் இடம் மாற நேர்ந்தால் தூக்கிச் செல்ல வேண்டியதை இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது.

பவர் பேங்க் வாங்குவோர் அதைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். உண்மையான 10,000 மில்லி அம்பியர் மணிக்கு ஏறத்தாழ 200 கிராம் எடை இருக்கும். 30,000 என்று எழுதி 250 கிராம் நிறுத்தால், எழுதியிருப்பது பொய்.

தகடு

தகட்டுக்கும் இதுபோன்ற ஒரு சோதனை உண்டு. உச்சி வெயில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 வாற் அளவு விழுகிறது. நல்ல தகடு அதில் ஐந்திலொரு பங்கையே மின்சாரமாக்கும். எனவே 50 வாற் தகட்டுக்கு அரை மீற்றர் நீளமும் அரை மீற்றர் அகலமுமாவது வேண்டும். சட்டகத்தோடு பார்த்தால் இன்னும் பெரிதாகவே இருக்கும். பாடசாலைக் கொப்பி அளவுத் தகட்டில் 50 வாற் என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம்.

50 வாற் தகடும் 50 வாற்றைத் தராது. வெப்பத்தாலும் தூசியாலும் குறைந்து 30 வாற் அளவே கிடைக்கும். நல்ல நாளில் இதை 4 மணித்தியாலக் கணக்கில் எடுத்தால் 120 வாற்மணி. தேவை 80. மிச்சம் 40 முந்திய நாளின் குறையை நிரப்பும். ஆகவே இந்தக் குடும்பத்துக்கு 50 வாற் கண்ணாடித் தகடு போதும். சைக்கிளில் கட்டிக் கொண்டு போகலாம். துணியில் தைத்த மடக்குத் தகடு இதைவிட இலேசானது. ஆனால் நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் தையலும் மேலுறையும் முதலில் கெடும்.

பூட்டுவதும் வைப்பதும்

தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவே கட்டுப்படுத்தி என்னும் சிறு பெட்டி வேண்டும். லிதியம் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றக்கூடியதைக் கேட்டு வாங்குங்கள். முதலில் பற்றரியையும் பின்னரே தகட்டையும் அதில் பூட்ட வேண்டும். கழற்றும்போது தகடு முதலில். பற்றரியின் நேர் முனைக்குப் பக்கத்தில் 10 அம்பியர் உருகி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வயர் உரசிச் சேர்ந்துவிட்டால் தறப்பாளும் கிடுகும் தீப்பற்ற அதிக நேரம் எடுக்காது.

தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். தென்னோலை ஒன்றின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் பாதிக்கு மேல் குறையலாம். தகட்டின் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதே காரணம். தகடு வெயிலில் இருக்க, பற்றரி நிழலில் இருக்க வேண்டும். தகரக் கூரையின் கீழும் தகட்டின் அடியிலும் அதை வைக்க வேண்டாம்.

மடிக்கணினியைத் தகட்டில் நேரே பூட்டவும் கூடாது. முகில் ஒன்று கடந்தாலே மின்னேற்றம் அறுந்து அறுந்து போகும். பகலில் பற்றரி நிரம்பட்டும். விடுமுறை நாளில் மட்டும், நண்பகலில் பற்றரி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து மடிக்கணினிக்கு ஏற்றலாம்.

கட்டுப்படுத்தியின் திரையில் வோல்ற் தெரியும். இந்த வகைப் பற்றரியில் அது 13க்குப் பக்கத்தில் நெடுநேரம் அசையாமல் நின்று, முடியும் தறுவாயில் விரைந்து இறங்கும். 12.8க்குக் கீழே வந்தால் மிச்சம் கொஞ்சமே. அன்றிரவு திரையின் ஒளியைக் குறைத்துப் படிக்க வேண்டும்.

மாரியில் என்ன செய்வது?

முகில் மூடிய நாளில் இதே தகடு 30 அல்லது 40 வாற்மணிதான் தரும். நிரம்பிய பற்றரியோடு அப்படி இரண்டு நாட்கள் சமாளிக்கலாம். மூன்றாம் நாள் முடிவில் ஏறத்தாழ வெறுமையாகிவிடும். ஒரு கிழமை அடைமழைக்கு இந்தத் தொகுதி பொறுப்பேற்காது. அந்நாட்களில் தொலைபேசிக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, மடிக்கணினியைப் பாடசாலையிலோ மின்சாரம் உள்ள வீட்டிலோ ஏற்றுவதே வழி. அதை மாரிக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

இன்றிரவு பிள்ளையோடு இருந்து மூன்று இலக்கங்களை ஒரு தாளில் எழுதுங்கள். முதலாவது, மடிக்கணினிப் பற்றரியின் வாற்மணி. இரண்டாவது, அதன் சார்ஜரில் உள்ள வோல்ற். மூன்றாவது, நாளுக்கு எத்தனை மணித்தியாலம் படிப்பு என்பது. முதலாவதிலிருந்தும் மூன்றாவதிலிருந்தும் பற்றரியின் அளவும் தகட்டின் அளவும் வரும். இரண்டாவதிலிருந்து எந்தச் சார்ஜர் என்பது வரும். அந்தத் தாளோடும் மடிக்கணினியோடும் கடைக்குப் போங்கள்.