பந்துக்குப் பந்து எழுதுவது எப்படி? கிரிக்கெட் நேரலை வர்ணனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொலைக்காட்சி பார்க்க முடியாதவர்கள்தான் எழுத்து வர்ணனையின் வாசகர்கள். பேருந்தில் இருப்பவர், அலுவலகக் கூட்டத்தில் மேசைக்கடியில் கைபேசியை வைத்திருப்பவர். அவருக்கு வேண்டியவை மூன்று: என்ன நடந்தது, எப்படி நடந்தது, இப்போது கணக்கு என்ன. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே கிடைக்கும் அரை நிமிடத்துக்குள் இந்த மூன்றையும் எழுதி முடிப்பதுதான் வேலை.

இதைப் படிக்க ஒரே ஒரு ஓவரை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியா 176/7. தென்னாப்பிரிக்கா 19 ஓவரில் 161/6. கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். பந்து ஹர்திக் பாண்டியா கையில், எதிரே மில்லர்.

முதல் படி: ஓவருக்கு முன்பே பாதியை எழுதிவிடுங்கள்

பந்து விழுந்த பிறகு எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தால் பிந்திவிடுவீர்கள். ஓவர் எண், வீசுபவர், ஆடுபவர், தேவையான ரன் ஆகியவை முன்பே தெரிந்தவை. அவற்றைத் தட்டி வைத்துவிடுங்கள். 20ஆவது ஓவரின் முதல் பந்து 19.1 என்று குறிக்கப்படும். புதியவர்கள் இதை 20.1 என்று எழுதுவது வழக்கமான பிழை.

ஆடுபவர் வலக்கையா இடக்கையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மில்லர் இடக்கை ஆட்டக்காரர். இடக்கைக்காரர் வந்தால் ஆஃப் திசையும் லெக் திசையும் திரையில் இடம் மாறும். இதை மறந்தால் லாங் ஆஃபில் போன பந்தை லாங் ஆன் என்று எழுதிவிடுவீர்கள். பேருந்திலிருக்கும் வாசகரால் அதைச் சரிபார்க்க முடியாது. அதனாலேயே நாம் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: முடிவு முதலில்

தமிழில் வினை கடைசியில் வரும். நீண்ட வாக்கியம் எழுதினால், அவுட்டா இல்லையா என்று தெரிய வாசகர் முற்றுப்புள்ளிவரை காத்திருக்க வேண்டும். ஆகவே முடிவை முதல் சொல்லாக வையுங்கள். பிறகு பந்து எங்கே விழுந்தது, ஆட்டக்காரர் என்ன செய்தார், பந்து எங்கே போனது என்று துண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். கடைசியில் ஸ்கோர். முதல் பந்து இப்படி வரும்:

19.1 ஹர்திக் – மில்லர்: அவுட்! ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே தாழ்வான ஃபுல் டாஸ். லாங் ஆஃபுக்கு மேலே தூக்கினார். கோட்டருகே ஓடி வந்த சூர்யகுமார் பிடித்து, உள்ளேயே மேலே எறிந்து, வெளியே போய், திரும்பி வந்து மறுபடி பிடித்தார். மில்லர் 21 (17). 161/7.

இதில் 'அபாரம்', 'நம்பவே முடியாத' என்ற சொல் எதுவும் இல்லை. 'அற்புதமான கேட்ச்' என்று எழுதியிருந்தால் எந்தக் கேட்சுக்கும் பொருந்தும். பந்து மேலே போனது, ஆள் வெளியே போனது, திரும்பி வந்தது என்பது இந்தக் கேட்சுக்கு மட்டுமே உரியது. காட்சி தெரிய வேண்டும் என்றால் பெயரடையை நீக்கிவிட்டு வினைச்சொல்லைத் தேடுங்கள். தட்டினார், வெட்டினார், இழுத்தார், தூக்கினார், தள்ளினார், விட்டுவிட்டார்: தமிழில் வினைக்குப் பஞ்சமில்லை.

மூன்றாம் படி: உறுதியாகாததை உறுதி என்று எழுதாதீர்கள்

எல்லைக்கோட்டுக் கேட்சை மூன்றாவது நடுவர் பார்ப்பார். அந்த இடைவெளியில் அவுட் என்றும் எழுதக்கூடாது, சிக்ஸ் என்றும் எழுதக்கூடாது. 'மேலே போனது, சூர்யகுமார் கோட்டருகே பிடித்தார், நடுவர் சரிபார்க்கிறார்' என்று ஒரு வரி போதும். முடிவு வந்ததும் அதே பதிவைத் திருத்தி முடிவை முன்னால் போடுங்கள். எல்பிடபிள்யூ மறுபரிசீலனைக்கும் இதே முறைதான். ஐந்து நொடி முந்திக்கொள்ளும் ஆசையில் தவறாகப் போட்ட 'அவுட்' கணக்கையும் கெடுக்கும், நம்பிக்கையையும் கெடுக்கும்.

நான்காம் படி: ஸ்டிரைக்கை விடாமல் பிடியுங்கள்

தொடக்கக்காரர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். 2022 அக்டோபர் 1 முதல், கேட்ச் அவுட்டானால், ஓடிக் கடந்திருந்தாலும், புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். ஓவரின் கடைசிப் பந்தாக இருந்தால் மட்டும் விலக்கு. எனவே மில்லருக்குப் பின் வந்த ரபாடாதான் 19.2 ஆடினார்.

19.2 ஹர்திக் – ரபாடா: நான்கு! மட்டையை ஓங்கிச் சுழற்றினார், விளிம்பில் பட்டுப் பறந்தது. 165/7.

19.3 ஹர்திக் – ரபாடா: ஒரு பை. மட்டையிலும் படவில்லை, உடம்பிலும் படவில்லை. 166/7.

19.4 ஹர்திக் – மஹாராஜ்: ஒரு லெக் பை. 167/7.

19.5 ஹர்திக் – ரபாடா: வைடு. 168/7.

19.5 ஹர்திக் – ரபாடா: அவுட்! மீண்டும் சூர்யகுமார் கையில். 168/8.

19.6 ஹர்திக் – நோர்க்யா: ஒரு ரன். 169/8. இந்தியா 7 ரன்னில் வென்றது.

19.5 இரண்டு முறை வந்திருப்பதைப் பாருங்கள். வைடும் நோ பாலும் ஓவரின் கணக்கில் சேராது என்பதால் அது பிழையல்ல. அதை மாற்றி 19.6 என்று போட்டால் கடைசிப் பந்துக்கு எண் மிஞ்சாது. பையும் லெக் பையும் ஓடி எடுத்தவை என்பதால் ஒற்றைப்படை ரன் வரும்போது ஸ்டிரைக் மாறும். மூன்றாம் பந்தில் ரபாடா எதிர்முனைக்குப் போனார். நான்காம் பந்தில் திரும்பினார். இதைத் தொடர முடியாவிட்டால் ஒரு தாளில் இரண்டு பெயரை எழுதி, ஆடுபவருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து நகர்த்திக்கொண்டே இருங்கள்.

ஐந்தாம் படி: ஓவர் முடிவில் இரண்டு வழியில் கூட்டுங்கள்

ஓவர் சுருக்கம் எழுதும் முன் இது கட்டாயம். அணிக்கு வந்தது 0, 4, 1, 1, 1, 0, 1 என மொத்தம் 8. 161 உடன் சேர்த்தால் 169. மட்டையிலிருந்து வந்தது 5, எக்ஸ்ட்ரா 3, அதுவும் 8. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் பதிவிடுங்கள். வீசியவர் கணக்கு தனி: பையும் லெக் பையும் அவர் மீது ஏறாது, வைடு ஏறும். ஆகவே ஹர்திக் இந்த ஓவரில் கொடுத்தது 6 மட்டுமே. 8 என்று எழுதினால் அவருடைய 3-0-20-3 என்ற மொத்தக் கணக்கு இடிக்கும்.

சுருக்கம் இரண்டு வரியைத் தாண்டக்கூடாது. ஓவரில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லுங்கள்: '20ஆவது ஓவர்: 8 ரன், 2 விக்கெட். முதல் பந்திலேயே மில்லர் போனதும் 16 எட்டாத தூரமாகிவிட்டது.' ஒவ்வொரு பந்தையும் மறுபடி விவரிக்க வேண்டாம். வாசகர் கீழே பார்த்துக்கொள்வார்.

எல்லாப் பந்தும் ஒரே நீளமல்ல

இந்த ஓவரில் முதல் பந்துக்கு மட்டும் நான்கு வாக்கியம் போனது. மற்றவை ஒரே வரி. அது சரியான விகிதம். தட்டிவிட்டு எடுத்த ஒரு ரன்னுக்கு கவிதை எழுதினால், திருப்புமுனைக்கு வார்த்தை மிச்சமிருக்காது. புள்ளிவிவரமும் அப்படியே: நடக்கும் பந்துக்குத் தொடர்பிருந்தால் மட்டும் போடுங்கள்.

கைபேசி ஒளிபரப்பு பெரும்பாலும் தொலைக்காட்சியைவிடச் சற்றுப் பின்தங்கும். இரண்டையும் கலந்து பார்க்காதீர்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதிலிருந்தே எழுதுங்கள்.

நேரலைக்கு உட்காரும் முன், பதிவுசெய்த ஆட்டம் ஒன்றை ஒலியை முழுவதும் அணைத்து, நிறுத்தாமல் ஓடவிட்டு ஐந்து ஓவர் எழுதுங்கள். பிறகு ஸ்கோர்கார்டோடு வைத்துப் பாருங்கள். மொத்தம் ஒரு ரன் பிசகினாலும், எந்தப் பந்தில் பிசகியது என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த ஐந்து ஓவருக்குப் போங்கள்.