ஸ்கூட்டரிலிருந்து பெரிய பைக்குக்கு: பினாங்கில் எதை எடுக்கலாம்?

முதலில் லைசென்ஸைப் பாருங்கள். பி2 வைத்திருப்பவர் 250 சிசி வரைதான் ஓட்டலாம். ரெபல் 500 மாதிரி குரூஸர் வேண்டுமென்றால் பி2 போதாது; அதற்கு மேலான லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

அடுத்தது இடது கை. ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக்; கியர் பைக்கில் அதுவே கிளட்ச். லெபோ சூலியாவில் யாராவது திடீரென்று குறுக்கே வந்தால், பழக்கத்தில் இடது கை அதைத்தான் இறுக்கும். வண்டி நிற்காது; எஞ்சின் இழுவை விட்டுப்போய்ச் சும்மா உருளும். பின் பிரேக் இப்போது வலது காலில் இருக்கிறது. காலி மைதானத்தில், கை யோசிக்காமல் முன் பிரேக்குக்குப் போகும்வரை நிறுத்திப் பழகுங்கள்.

கடையில், வழக்கமாகப் போடும் காலணியோடு உட்கார்ந்து பாருங்கள். ரெபலின் சீட் 690 மில்லிமீட்டர்தான், குட்டையானவருக்கும் பாதம் முழுக்கப் படியும். ஆனால் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் வளைவுகளில் சாய்த்தால் குரூஸரின் கால்மிதி சீக்கிரம் தரையை உரசும். அட்வெஞ்சர் பைக்குகளின் சீட் பெரும்பாலும் 800க்கு மேல். ஓடும்போது சுகம்தான், ஆனால் சிக்னலில் நுனிக்கால் மட்டும் எட்டினால், சரிவில் நிற்கும்போது வண்டி சாய்ந்துவிடும். சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். முடியவில்லையா, அந்த வண்டி வேண்டாம்.

தினமும் ஜார்ஜ்டவுன் நெரிசல், எப்போதாவது பினாங்குப் பாலம் என்றால், எம்டி-25 போன்ற 250 சிசி சாதாரண பைக்கே முதல் வண்டியாகப் போதும்.