மைலோவும் ஒரு சந்திப்புக் குறிப்பும்

சிங்கப்பூரில் குடும்பச் சேவை நிலையங்களில் பணிபுரியும் சமூக ஊழியர்கள், உதவி நாடி வருபவரைச் சந்தித்த ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். அலுவலகப் பேச்சில் அதற்குக் ‘கேஸ் நோட்’ என்று பெயர். தமிழில் சந்திப்புக் குறிப்பு எனலாம். அதை எழுதியவர் நாளை விடுப்பில் இருக்கலாம். வேறு நிலையத்திற்கு மாறியும் போகலாம். அப்போது அடுத்த ஊழியருக்குக் கிடைப்பது அந்தக் குறிப்பு மட்டுமே. அதில் உள்ள சொற்களை வைத்துத்தான் அவர் ஒரு மனிதரை அறிந்துகொள்ளத் தொடங்குகிறார்.

பயிற்சிக்காக அமைக்கப்பட்ட ஒரு நிகழ்வைப் பார்ப்போம். பயிற்சியில் இருந்த ஓர் இளம் சமூக ஊழியர், ஓரறை வாடகை வீட்டில் தனியாக வசிக்கும் 68 வயது முதியவரைப் பார்க்கச் சென்றார். நிதியுதவிப் படிவத்தை நிரப்ப அவருக்கு உதவுவதே நோக்கம். சென்றது செவ்வாய்க்கிழமை. வேலைப் பளுவால் குறிப்பு எழுத வியாழக்கிழமை ஆகிவிட்டது. அவர் எழுதிய முதல் வரைவு இது:

“செவ்வாய்க்கிழமை காலை வீட்டிற்குச் சென்றேன். முதியவர் குடித்திருந்தார். தள்ளாடியபடி கதவைத் திறந்தார். பேச்சு குழறியது. படிவத்தைப் பற்றிக் கேட்டதும் எரிந்து விழுந்தார். சற்றும் ஒத்துழைக்கவில்லை. வீடு அலங்கோலமாகக் கிடந்தது. மகன் இவரைக் கைவிட்டுவிட்டார். பாவம், கவனிக்க ஆளில்லை.”

வாசிப்பதற்கு இது தெளிவாகவே இருக்கிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. முதியவர்மீது அவருக்கு இரக்கமும் இருக்கிறது. ஆயினும் மேற்பார்வையாளர் இந்த வரைவைக் கணினியில் பதிவேற்ற விடவில்லை. எதிரே அமரச் சொல்லி ஒரு கேள்வியுடன் தொடங்கினார்.

“அவர் குடித்திருந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தள்ளாடினார், பேச்சும் குழறியது.”

“மது வாடை வந்ததா? போத்தல் எதையாவது பார்த்தீர்களா? அவரே சொன்னாரா?”

மூன்று கேள்விகளுக்கும் இல்லை என்பதே பதில். தள்ளாட்டமும் குழறிய பேச்சும் ஊழியர் நேரில் கண்டும் கேட்டும் அறிந்தவை. குடித்திருந்தார் என்பது அவற்றிலிருந்து அவர் எட்டிய முடிவு. வரைவில் இவை இரண்டும் ஒரே வரிசையில், ஒரே உறுதியுடன் நின்றன. முடிவு முதலில் வந்ததால், அடுத்து வந்த இரண்டு உண்மைகளும் அதற்குச் சான்று போலத் தோன்றின. சமூகப் பணித் துறைக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. மேரி ரிச்மண்ட் 1917-இல் வெளியிட்ட ‘சோஷியல் டயக்னோசிஸ்’ என்ற நூலிலேயே, நேரடிச் சான்று எது, பிறர் வாய்வழி வந்த செய்தி எது, ஊகம் எது எனப் பிரித்துப் பார்ப்பதைப் பற்றி விரிவாக எழுதினார்.

அடுத்து மேற்பார்வையாளர், அன்று நடந்ததை நிமிட வாரியாகச் சொல்லச் சொன்னார். ஊழியரின் கையேட்டில் சில நேரங்கள் குறிக்கப்பட்டிருந்தன. காலை 10.40-க்குக் கதவைத் தட்டினார். முதியவர் சுவரைப் பிடித்தபடி வந்து திறந்தார். படிவத்தைக் காட்டியபோது, “இப்ப வேணாம்மா, தலை கிறுகிறுன்னு வருது” என்றார். இரண்டாம் முறை கேட்டபோது குரலை உயர்த்தி, “சொன்னா புரியாதா?” என்றார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மலாய் மாது ஒரு குவளை மைலோ கொண்டுவந்து கொடுத்தார்.

“பிறகு?”

“குடித்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் நன்றாகத்தான் பேசினார். படிவத்தில் பாதியை நிரப்பிவிட்டோம்.”

“இது ஏன் வரைவில் இல்லை?”

மைலோவெல்லாம் எழுத வேண்டிய செய்தி என்று தோன்றவில்லை என்றார் ஊழியர். உண்மையில் அந்தச் சந்திப்பின் மிக முக்கியமான செய்தி அதுதான். மதுபோதை ஒரு குவளை மைலோவில் கால் மணி நேரத்தில் தெளிவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை அளவு குறைந்தவருக்கு இனிப்பான பானம் கொடுத்தால், பெரும்பாலும் அவ்வளவு நேரத்தில் தெளிவு திரும்பும். சர்க்கரை குறையும்போது உடல் நடுங்கும், வியர்க்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், காரணமின்றி எரிச்சலும் வரும். பார்ப்பவர்கள் இதைப் போதை என்று தவறாக எண்ணுவது வழக்கமாக நடப்பதே. நீரிழிவுக்கான சில மாத்திரைகளை உட்கொண்டுவிட்டு உணவைத் தவிர்ப்பவர்களுக்கு இந்த நிலை ஏற்படலாம்.

எனவே “நீரிழிவால் இப்படி ஆனது” என்று எழுதிவிடலாமா? அதுவும் கூடாது. சமூக ஊழியர் மருத்துவர் அல்லர். ஒரு தவறான முடிவை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு முடிவை வைத்தால் குறிப்பு சீராகிவிடாது. கண்டதைக் கண்டபடி எழுதினால், அதைப் பொருள்கொள்ளத் தெரிந்தவர் பொருள்கொள்வார். திடீரெனப் பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அத்தகைய நேரத்தில் காத்திருக்காமல் 995-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் மேற்பார்வையாளர் அப்போதே ஊழியரிடம் சொல்லிவைத்தார்.

வரைவின் மற்ற வரிகளுக்கும் கேள்வி எழுந்தது. ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொல், என்ன கேட்கப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்ற இரண்டையுமே மறைத்துவிடுகிறது. தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னது, அச்சொல்லால் அவருடைய குணக்குறையாக மாறிவிட்டது. ‘அலங்கோலம்’ என்பது பார்ப்பவரின் வீட்டுப் பழக்கத்தைப் பொறுத்தது. எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது, மேசையில் கழுவாத இரண்டு தட்டுகளும் தரையில் பழைய நாளிதழ்க் கட்டுகளும் இருந்தன என்றார் ஊழியர். மகனைப் பற்றிக் கேட்டபோது, அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார் என்று முதியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ‘கைவிட்டுவிட்டார்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதை ஊழியரால் சொல்ல முடியவில்லை.

‘பாவம்’ என்ற சொல்லை எடுக்கத்தான் அவருக்கு மனமில்லை. அது அன்பினால் எழுதிய சொல். ஆனால் அது முதியவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. எழுதியவரின் மனநிலையை மட்டுமே சொல்கிறது. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இன்படி, சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, ஒருவர் தம்மைப் பற்றி ஓர் அமைப்பு வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டுப் பெறலாம். “நாளை அவர் எதிரே உட்கார்ந்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்றார் மேற்பார்வையாளர். ஊழியர் அந்த வரியைத் தாமே அடித்தார்.

தமிழில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றும் இருக்கிறது. பிறர் சொன்னதைத் தெரிவிக்க நாம் ‘ஆம்’ சேர்ப்போம்: “காலையில் சாப்பிடவில்லையாம்.” கேட்ட செய்தி என்பதை இது காட்டுகிறது, கூடவே, நம்பலாமோ என்னவோ என்ற தொனியும் சில வேளைகளில் ஒட்டிக்கொள்கிறது. “காலையில் சாப்பிடவில்லை என்று கூறினார்” என்ற தொடரில் அந்த ஐயம் இல்லை. அலுவலகக் குறிப்பு ஆங்கிலத்தில் எழுதப்படும்போது வேறொரு தொல்லை வருகிறது. ‘கிறுகிறுன்னு வருது’ என்பதைச் சட்டென்று மொழிபெயர்த்தால் அது மயக்கமாகவோ போதையாகவோ மாறிவிடக்கூடும். அத்தகைய சொல்லை அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் வைத்து, பக்கத்தில் பொருளைத் தருவதே பாதுகாப்பானது.

திருத்தி எழுதப்பட்ட குறிப்பு இப்படி அமைந்தது:

“சந்திப்பு: 12.3.2024, செவ்வாய், காலை 10.40 முதல் 11.30 வரை, இல்லத்தில். எழுதியது: 14.3.2024, பிற்பகல் 3.15.

கண்டவை: திரு. க. சுவரைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தார். பேச்சு குழறியது. மது வாடை இல்லை. அண்டை வீட்டார் கொடுத்த மைலோவை ஏறத்தாழ 10.50-க்குக் குடித்தார். 11.05 அளவில் தெளிவாகப் பேசினார். மேசையில் கழுவாத தட்டுகள் இரண்டு. தரையில் நாளிதழ்க் கட்டுகள். நடக்க வழி இருந்தது.

அவர் கூறியவை: ‘தலை கிறுகிறுன்னு வருது.’ நீரிழிவு மாத்திரையைக் காலை 8 மணிக்கு உட்கொண்டதாகவும், அதன்பின் சாப்பிடவில்லை என்றும் கூறினார். மதிய உணவு 12 மணிக்கு வீட்டிற்கு வரும் என்றார். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகக் கூறினார்.

மதிப்பீடு: மைலோ குடித்த பிறகு பேச்சில் மாற்றம் தெரிந்தது. காரணம் தெரியவில்லை. மருத்துவ ஆலோசனை தேவைப்படலாம்.

அடுத்த நடவடிக்கை: அவரது ஒப்புதல் பெற்று, பலதுறை மருந்தகத் தாதியிடம் தெரிவித்தல். படிவத்தின் மீதிப் பகுதியை அடுத்த சந்திப்பில் நிரப்புதல்.”

மதிப்பீடு தனிப் பகுதியாக நிற்பதைக் கவனிக்கலாம். ஊழியருக்குக் கருத்தே இருக்கக்கூடாது என்பதில்லை. அது கருத்து என்று தெரியும்படி, எதனால் எழுந்தது என்பதோடு எழுதப்பட வேண்டும். அண்டை வீட்டு மாது தம் குடும்பத்தைப் பற்றி அன்று பேசிய சில செய்திகளும் ஊழியருக்கு நினைவிருந்தன. அவை முதியவரின் கோப்பில் இருக்கத் தேவையில்லாதவை, எழுதப்படவில்லை. அதேபோல், அன்று பார்க்கத் தவறியதைப் பிறகு ஊகித்து நிரப்பவும் முடியாது. அவரது கைகள் நடுங்கினவா என்று மேற்பார்வையாளர் கேட்டார். ஊழியர் கவனிக்கவில்லை. ஆகவே குறிப்பில் கைகளைப் பற்றி ஒன்றுமில்லை.

இரண்டு தேதிகள் இருப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு நாள் கழித்து எழுதிய குறிப்பு, அன்றே எழுதியதைப்போல நம்பகமானதன்று. வாசிப்பவருக்கு அந்த இடைவெளி தெரிய வேண்டும். மறுநாள் காலை ஊழியருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பதிவான குறிப்பைத் திறந்து நடுவில் நுழைக்காமல், அதன் கீழே புதிய பதிவாகச் சேர்த்தார்: “தாமதப் பதிவு, 15.3.2024, காலை 9.20: 12.3.2024 சந்திப்பின்போது அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, திரு. க.வின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.” தாளில் எழுதும் இடங்களிலும் இதே முறைதான். பிழையை மையால் மூடாமல், எழுத்து தெரியும்படி ஒரே கோடாக அடித்து, தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைப்பார்கள்.

மார்ச் 26-ஆம் தேதி, முதல் ஊழியர் விடுப்பில் இருந்ததால் வேறொருவர் சென்றார். கிளம்பும் முன் குறிப்பையும் தாமதப் பதிவையும் படித்திருந்தார். முதல் வரைவு மட்டும் கோப்பில் இருந்திருந்தால், குடிப்பழக்கத்தைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று யோசித்தபடி போயிருப்பார். கதவு திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஐயா, காலையில் ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்பது. இல்லை என்றார் முதியவர். மதியச் சாப்பாடு வரத்தானே போகிறது என்று, சில மாதங்களாகக் காலை உணவையே அவர் விட்டிருந்தார்.

அன்று முதியவரின் ஒப்புதலோடு, அவர் முன்னிலையிலேயே பலதுறை மருந்தகத்திற்குத் தொலைபேசி அழைப்பு சென்றது. தாதி முதலில் கேட்டவை நேரங்கள்தான்: மாத்திரை எத்தனை மணிக்கு, உணவு எத்தனை மணிக்கு, தலைசுற்றல் எத்தனை மணிக்கு. குறிப்பைப் பார்த்து ஊழியர் வாசித்தார். மறுநாளே மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைத்தது. உணவு கொண்டுவரும் அமைப்பிடம், மதியப் பொட்டலத்துடன் மறுநாள் காலைக்கான ரொட்டியையும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கடிதத்தில் 12.3.2024, 26.3.2024 என்ற இரண்டு தேதிகளும் இருந்தன. முதியவரின் மருத்துவ விவரம் எதுவும் இல்லை.