மடித்த தாளில் முக்கோணம்

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டால் என்ன நேர்கிறது என்பதைக் கடலூர், சிதம்பரம் வகுப்பறைகளில் நாம் கண்டிருக்கிறோம். பாகைமானியால் 49, 61, 71 என அளந்த மாணவன், கூடுதல் 181 வரக் கண்டு அஞ்சி, 71ஐ அழித்து 70 என்று எழுதுகிறான். விதி முந்திவிட்டதால், தான் கண்டதையே அவன் மறைக்கிறான்.

ஆதலின் அளத்தல் முதலில் நிகழட்டும். ஒவ்வொருவரும் வெவ்வேறு முக்கோணம் வரைந்து அளந்து கூட்டினால், விடைகள் 180ஐ ஒட்டியே அமையும். எவரேனும் 240 என்பாராயின், 60 பாகைக் கோணத்தை மறு வரிசையில் 120 எனப் படித்திருப்பார்.

பின்னர் மடிப்பு. தாள் மடிப்பின் வழியே வடிவியலை விளக்கிய சுந்தர ராவின் ஆங்கில நூல், 1893இல் சென்னையில் வெளிவந்தது. அவ்வழியில், வெட்டிய முக்கோணத் தாளின் மிக நீண்ட பக்கத்தை அடியாகக் கொள்வோம். அடிப்பக்கம் தன்மேலேயே படியுமாறு உச்சி வழியே மடித்து விரித்தால், மடிப்பு அடியைத் தொடும் புள்ளி கிடைக்கும். அப்புள்ளிக்கு மூன்று முனைகளையும் மடித்துக் கொணர்ந்தால், மூன்று கோணங்களும் இடைவெளியின்றிப் பொருந்தி நேர்க்கோணமாகும். விரிகோண முக்கோணத்தில் வேறு பக்கத்தை அடியாக வைத்தால், அப்புள்ளி தாளுக்கு வெளியே விழும்.

எனினும் மடிப்பு அந்த ஒரு தாளுக்கே சான்று. உச்சி வழியே அடிக்கு இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் எனக் காட்டும்போதே விதி எல்லா முக்கோணங்களுக்கும் உறுதியாகிறது. அப்போது 181 என எழுதிய மாணவன் அதனை அழிக்கமாட்டான். பாகைமானியின் மையம் முனையிலிருந்து சற்றே விலகியிருந்தது எனத் தானே கண்டுரைப்பான்.